கம்பியில் ஆரம்பித்து கார் தகடு வரை: டிஸ்ரப்ஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஸ்ரப்டிவ், இன்கிரிமென்டல்: ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? சுருக்கமா சொல்லுங்க.

உங்களிடம் ஏற்கெனவே வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறாரோ, அதையே இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்து கொடுப்பது படிப்படியான புதுமை, அதாவது இன்கிரிமென்டல். போன வருஷத்தைவிடப் பளபளப்பான தகடு, குறைந்த மின்செலவு, கூடுதல் வலிமை, இப்படி. இதில் பெரிய கம்பெனிகள்தான் பெரும்பாலும் ஜெயிக்கின்றன. ஆள், பணம், ஆய்வுக்கூடம், வாடிக்கையாளர் உறவு எல்லாமே அவர்களிடம்தானே இருக்கிறது.

டிஸ்ரப்டிவ் என்பது, தமிழில் புரட்டிப்போடும் புதுமை என்று வைத்துக்கொள்ளலாம், வேறு வாசல் வழியாக வருகிறது. முதலில் அந்தப் பொருள் உங்களுடையதைவிட மட்டமாகத்தான் இருக்கும், உங்கள் நல்ல வாடிக்கையாளர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் சந்தையின் அடிமட்டத்தில் ‘எனக்கு இது போதும், விலை குறைந்தால் சரி’ என்று ஒரு கூட்டம் இருக்கும். புதியவர் அங்கே காலூன்றி, அங்கிருந்து தரத்தை ஏற்றிக்கொண்டே மேலே வருவார். ஹார்வர்டின் கிளேட்டன் கிறிஸ்டென்சன் 1990களில் இந்தச் சொல்லைப் பிரபலமாக்கியபோது சொன்னது இதைத்தான். இப்போது எந்தப் புது ஆப் வந்தாலும் டிஸ்ரப்ஷன் என்கிறார்கள், அது வேறு விஷயம்.

அப்படியென்றால் பெரிய தொழில்நுட்ப மாற்றம் எல்லாமே டிஸ்ரப்ஷன்தானே?

இல்லை. மாற்றம் எவ்வளவு பெரியது என்பதை வைத்து இதைப் பிரிக்க முடியாது. அது யாருக்கு லாபகரமாகத் தெரிகிறது என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

இரும்பு எஃகுத் தொழிலையே எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பக்கம் முழுக்க அதிலேயே நிற்கப் போகிறேன், ஏனென்றால் பத்து உதாரணத்தை ஆளுக்கு ரெண்டு வரி சொல்வதைவிட ஒன்றைக் கடைசிவரை பார்த்தால்தான் இந்த விஷயம் பிடிபடும். 1952இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில், உருகிய இரும்பின் மேல் தூய ஆக்ஸிஜனைச் செலுத்தி எஃகாக்கும் முறை வணிக அளவில் ஓட ஆரம்பித்தது. பழைய திறந்த உலையில் ஒரு வார்ப்புக்கு எட்டு, பத்து மணி நேரம் ஆகும் வேலை இதில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. பழைய உலைகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது, அத்தனை பெரிய மாற்றம். ஆனாலும் அமெரிக்கப் பெரிய ஆலைகள், தாமதமாக என்றாலும், அதற்கு மாறிவிட்டன. காரணம் எளிது. அதே வாடிக்கையாளருக்கு, அதே எஃகை, குறைந்த செலவில் கொடுக்க அது உதவியது. முதலீட்டுக் குழுவில் அந்தத் திட்டத்துக்கு யாரும் ‘இது நமக்கு எதற்கு’ என்று கேட்கவில்லை.

அவர்களைப் புரட்டிப்போட்டது அதைவிடச் சாதாரணமான ஒன்று, பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்கும் சின்ன உலை, அதை வைத்து ஓடும் மினி மில் என்ற சின்ன ஆலை. அதில் புதிய அறிவியல் எதுவும் கிடையாது. மின்வில் உலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது.

அந்த மினி மில் கதையை முதலிலிருந்து சொல்ல முடியுமா?

பெரிய ஆலை, அதாவது ஒருங்கிணைந்த எஃகு ஆலை, இரும்புத் தாதுவிலிருந்து தொடங்கும். நிலக்கரியைக் கோக்காக்கும் அடுப்புகள், தாதுவை இரும்பாக உருக்கும் ஊதுலை, ஆக்ஸிஜன் உலை, வார்ப்பு, அப்புறம் வரிசை வரிசையாக உருட்டாலைகள். வருஷத்துக்குப் பல லட்சம் டன் ஓடினால்தான் கட்டுப்படியாகும், போட வேண்டிய முதலீடோ பல நூறு கோடி டாலர். மினி மில்லில் இந்த முன்பாதி கிடையாது. உடைத்த கார், பழைய பாலம், பட்டறைக் கழிவு என்று காயலான் கடைச் சரக்கை மின்வில் உலையில் கொட்டி உருக்கி, நேரே வார்த்து உருட்டிவிடுவார்கள். முதலீடு மிகச் சிறிய பங்குதான், அடக்கச் செலவும் பெரிய ஆலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் குறைவு.

சிக்கல் தரத்தில் இருந்தது. காரை நசுக்கும்போது மோட்டார், வயர் எல்லாம் சேர்ந்து போவதால் அதிலுள்ள செம்பு எஃகில் கலந்துவிடும். கார்பனையும் சிலிக்கனையும் ஆக்ஸிஜனால் எரித்து வெளியேற்றலாம், செம்பை அப்படி எடுக்க முடியாது. இரும்புக்கு முன்னால் அது ஆக்ஸிஜனோடு சேராது, அதனால் உள்ளேயே தங்கிவிடும். அப்புறம் சூடாக உருட்டும்போது மேற்பரப்பில் செம்பு திரண்டு மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கும். ஆழமாக அழுத்தி வளைக்கிற கார் தகட்டுக்குச் செம்பு சுமார் 0.06 சதவீதத்தைத் தாண்டினாலே தலைவலி.

கட்டுமானக் கம்பிக்கு 0.4 சதவீதம் வரைகூடப் பரவாயில்லை. கம்பி கான்கிரீட்டுக்குள் போய்விடுகிறது, மேற்பரப்பு அழகாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை, அளவும் இழுவலிமையும் சரியாக இருந்தால் போதும். வாங்குகிற கட்டடக் காண்டிராக்டருக்கு எந்த ஆலையின் மேலும் விசுவாசம் கிடையாது, டன்னுக்கு யார் குறைவாகக் கேட்கிறார்களோ அங்கே போவார். வீடு கட்டியவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். ஆகவே 1960களின் கடைசியிலிருந்து அமெரிக்க மினி மில்கள் கம்பியில் இறங்கின.

இதில் முக்கியமான பெயர் நியூகோர். கென் ஐவர்சன் தலைமையில் இருந்த அந்தக் கம்பெனி கூரைகளுக்கான இரும்புச் சட்டங்கள் செய்துகொண்டிருந்தது. அதற்கு வேண்டிய எஃகை வெளியில் வாங்குவது கட்டுப்படியாகாததால் 1969இல் சவுத் கரோலினாவின் டார்லிங்டனில் தானே ஒரு மினி மில் போட்டது. யாரையும் கவிழ்க்க வேண்டும் என்று வந்தவர்கள் இல்லை. தங்கள் கொள்முதல் செலவைக் குறைக்க வந்தவர்கள்.

பெரிய ஆலைகள் இதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தன? ஏன் எதிர்க்கவில்லை?

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ‘திமிர்’, ‘கண்மூடித்தனம்’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவர்கள் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள், பின்வாங்கியதுதான் சரி என்று அதுவே சொல்லும்.

அன்றைய நிலவரத்தைச் சொல்லக் கிறிஸ்டென்சன் தரும் எண்கள் தோராயமாக இப்படி. எஃகு டன்னேஜில் கட்டுமானக் கம்பி 4 சதவீதம், அதில் மொத்த லாப விகிதம் 7 சதவீதம். ஆங்கிள், தடித்த கம்பி, ராடு வகையறா 8 சதவீதம், லாபம் 12. கட்டட பீம்கள் 22 சதவீதம், லாபம் 18. தகடு 55 சதவீதம், லாபம் 25 முதல் 30 வரை.

இப்போது நீங்கள் ஒரு பெரிய ஆலையின் நிர்வாகி. ஆலையில் உருட்டாலை நேரம் பற்றாக்குறை. கம்பியில் ஒரு பொடியன் கம்பெனி 20 சதவீதம் மலிவாகக் கொடுத்து உங்கள் வாடிக்கையாளர்களை இழுக்கிறது. உங்களிடம் ரெண்டு திட்டம் வருகிறது. ஒன்று, பணம் போட்டு 7 சதவீத லாபம் தரும் கம்பியைக் காப்பாற்றுவது. இன்னொன்று, அதே பணத்தைத் தகட்டில் போட்டு, தரம் கேட்கிற கார் கம்பெனிகளுக்கு இன்னும் நல்ல தகடு கொடுப்பது. யார் முதல் திட்டத்துக்குக் கையெழுத்து போடுவார்? ‘போகட்டும் விடு’ என்றார்கள். அதில் அவர்களுக்கு நிம்மதிகூட இருந்தது.

மேலே சொன்ன எண்களை வைத்து ஒரு தோராயக் கணக்குப் போடலாம் (பொருளுக்குப் பொருள் விலை மாறுவதை விட்டுவிட்டு டன்னை மட்டும் வைத்து, தகட்டு லாபத்தை 27 என்று எடுத்துக்கொண்டு). நாலு வகையும் செய்யும்போது சராசரி லாப விகிதம் சுமார் 22.5 சதவீதம். கம்பியைக் கைவிட்டால் 23.3. ஆங்கிள், ராடையும் விட்டால் 24.4. பீமையும் விட்டால் 27. அதாவது ஒவ்வொரு முறை பின்வாங்கும்போதும் ஆண்டறிக்கையில் லாப விகிதம் ஏறுகிறது, பங்குதாரர் கைதட்டுகிறார். அதே நேரம் நீங்கள் நிற்கும் தரை 89 பங்கிலிருந்து 85, 77, 55 என்று சுருங்கிவிட்டது. லாப விகிதத்தை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு இந்த ரெண்டாவது வரிசை தெரியவே தெரியாது.

சரி, கம்பி போய்விட்டது. கதை அங்கேயே நின்றிருக்கலாமே, மினி மில்கள் ஏன் மேலே வந்தன?

வேறு வழி இல்லாமல்தான் வந்தன. இந்தப் பகுதியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், என் பார்வையில் முழுக் கதையிலும் அதிகம் கற்றுக்கொடுப்பது இதுதான்.

பெரிய ஆலைகள் கம்பி விற்றுக்கொண்டிருந்தவரை சந்தை விலை அவர்களுடைய அதிக அடக்கச் செலவை ஒட்டியே இருந்தது. அந்த விலைக்குக் கீழே மினி மில்கள் 20 சதவீத இடைவெளியில் சுகமாகச் சம்பாதித்தன. 1979 வாக்கில் கடைசிப் பெரிய ஆலையும் கம்பியை விட்டு வெளியேறியது. உடனே விலை 20 சதவீதம் அளவுக்குச் சரிந்தது. ஏனென்றால் இப்போது மினி மில்லுக்குப் போட்டி இன்னொரு மினி மில், ரெண்டு பேருடைய செலவும் ஒன்றுதான். மலிவாகச் செய்வது என்பது எதிரே செலவு அதிகமான ஒருவர் இருக்கும்வரைதான் லாபம், அவர் போய்விட்டால் அது வெறும் நுழைவுக் கட்டணம்.

செலவு அதிகமான போட்டியாளர் இன்னும் எங்கே இருக்கிறார்? ஒரு படி மேலே, ஆங்கிளிலும் ராடிலும். அதனால் ஸ்கிராப்பை ரகம் பிரித்து வாங்கினார்கள், வார்ப்பு எந்திரத்தை மேம்படுத்தினார்கள், தரத்தை ஏற்றி அங்கே போனார்கள். மறுபடி அதே நாடகம். 1980களின் நடுவில் பெரிய ஆலைகள் அதையும் விட்டன, விலை விழுந்தது. அடுத்தது பீம். நியூகோரும் ஜப்பானின் யமாட்டோ கோக்யோவும் சேர்ந்து 1988இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் பிளைத்வில்லில் பீம் ஆலையைத் திறந்தன. எதிரே நின்றது பெத்லஹேம் ஸ்டீல், சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு எஃகு கொடுத்த கம்பெனி, அமெரிக்க வானளாவிகளின் பீம் என்றாலே நினைவுக்கு வந்த பெயர். 1995இல் பெத்லஹேம் நகரில் அது எஃகு உருக்குவதையே நிறுத்தியது.

தகடு வரை வரும்போதாவது விழித்துக்கொண்டிருக்கலாமே? அதுதானே அவர்களுடைய சோறு?

விழித்துத்தான் இருந்தார்கள். எல்லாத் தகவலும் மேசை மேல் இருந்தது. அதனால்தான் இந்தக் கட்டத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

தகடு செய்ய வழக்கமாக 200–250 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாளத்தை வார்ப்பார்கள். அது ஆறி, மறுபடி சூடாக்கி, நீளமான உருட்டாலை வரிசையில் நசுக்கி நசுக்கி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குக் கொண்டுவருவார்கள். இந்த வரிசைதான் பெரும் செலவு, மினி மில்லால் தாண்ட முடியாத மதிலும் அதுதான். ஜெர்மனியின் எஸ்எம்எஸ் கம்பெனி இதற்கு மாற்றாக சுமார் 50 மில்லிமீட்டர் தடிமனில் மெல்லிய பாளமாகவே வார்க்கும் எந்திரத்தை உருவாக்கியது. மெல்லியதாக வருவதால், சூடு ஆறும் முன்பே நீண்ட சுரங்க அடுப்பு வழியாக நேரே உருட்டாலைக்குப் போய்விடும், முன்பாதி எந்திரங்கள் தேவையில்லை.

இது ரகசியம் அல்ல. எந்திரம் விற்கிற கம்பெனி, யார் காசு கொடுத்தாலும் கொடுக்கும். பெரிய ஆலைகளும் போய்ப் பார்த்தன, ஆராய்ந்தன. வாங்கியது நியூகோர். சுமார் 27 கோடி டாலர் செலவில், ஆண்டுக்கு 8 லட்சம் டன் அளவுள்ள ஆலையை இண்டியானாவின் கிராஃபோர்ட்ஸ்வில்லில் 1989இல் ஓட்ட ஆரம்பித்தது. உலகில் வணிக அளவில் முதல் மெல்லிய பாள ஆலை அதுதான். ஆரம்பத்தில் வார்ப்பு பிய்த்துக்கொண்டு ஊற்றுவது, மேற்பரப்புக் கீறல் என்று நிறையத் தொல்லை. முதல் சரக்கு கார் கம்பெனிக்குப் போகவில்லை. குழாய், கட்டடத் தளத் தகடு, சாலைக்கு அடியில் போகும் நெளித் தகடு, இப்படி மேற்பரப்பு அழகைப் பற்றிக் கவலைப்படாதவர்களிடம்தான் போனது. கம்பியில் பார்த்த அதே வாசல்.

பெரிய ஆலையும் அதே எந்திரத்தை வாங்கியிருந்தால் என்ன? பணம் இல்லையா?

பணம் இருந்தது. தடுத்தது கணக்குப் போடும் முறை. உதாரணத்துக்கு எளிய எண்களை வைத்துச் சொல்கிறேன், இவை எந்த ஆலையின் உண்மைச் செலவும் அல்ல.

பழைய ஆலையில் ஒரு டன் தகட்டின் முழுச் செலவு 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 தாது, நிலக்கரி, மின்சாரம் போன்றவை. மீதி 40 ஏற்கெனவே கட்டியாகிவிட்ட உலைகளின் சுமை, நிரந்தரச் சம்பளம், ஓய்வூதியம். புதிய மெல்லிய பாள ஆலை போட்டால் எல்லாம் சேர்த்து டன்னுக்கு 80. ‘அப்படியானால் 80தானே நல்லது’ என்று தோன்றும். ஆனால் நிதிப் பிரிவில் இருப்பவர் வேறு கேள்வி கேட்பார், கேட்கவும் வேண்டும். நம் பழைய ஆலையில் இன்னும் காலி இடம் இருக்கிறது, அதில் கூடுதலாக ஒரு டன் செய்ய எவ்வளவு? 60. புதிய ஆலையில் 80. எதற்குப் புதிதாகக் கடன் வாங்க வேண்டும்? இருப்பதையே நன்றாக ஓட்டுவோம், வேண்டுமானால் பழைய முறையில் ஒரு நல்ல வார்ப்பு எந்திரம் சேர்ப்போம். அன்று அமெரிக்காவின் மிகப் பெரிய எஃகு கம்பெனியாக இருந்த யுஎஸ் ஸ்டீலும் ஏறத்தாழ அந்த வழியில்தான் போனது, பிட்ஸ்பர்க் பக்கத்து ஆலையில் வழக்கமான தடித்த பாள வார்ப்பு எந்திரத்தைப் போட்டது.

நியூகோரிடம் பழைய தகட்டு ஆலை கிடையாது. அதனால் அது 80ஐ 60உடன் ஒப்பிடவே இல்லை, சந்தை விலையான 100உடன் ஒப்பிட்டது. ஒரே எந்திரம், ஒரே விலை, ஆனால் ஒருவருக்கு நஷ்டமாகவும் இன்னொருவருக்கு லாபமாகவும் தெரிகிறது. ரெண்டு பேருமே கணக்கில் தப்புச் செய்யவில்லை.

தப்பு எங்கே என்றால், அந்த 40 ஏறாமல் அப்படியே இருக்கும் என்று நம்பியதில். புதியவர் டன்களைப் பறிக்கப் பறிக்க, மீதி 40 என்ற சுமை குறைந்த டன்களின் மேல் விழுகிறது. 40 என்பது 50 ஆகும், 60 ஆகும். கடைசியில் எல்லா டன்னுமே நஷ்டம். அந்த நாளில் புதிய ஆலை போடலாம் என்று நினைத்தால் கையில் காசு இருக்காது. முதலீட்டு முன்மொழிவைப் பரிசீலிக்கும்போது நான் எப்போதும் கேட்கச் சொல்வது இதுதான்: ‘ஒன்றும் செய்யாவிட்டால்’ என்ற வரிசையில் இன்றைய வருமானத்தை அப்படியே பத்து வருஷத்துக்கு நீட்டியிருக்கிறார்களா? நீட்டியிருந்தால் அந்தக் கணக்கை அப்படியே திருப்பி அனுப்புங்கள், சரியும் வருமானத்தை வைத்து மறுபடி போடச் சொல்லுங்கள்.

தலைமை துணிச்சலாக முடிவெடுத்தால் இதைத் தாண்ட முடியாதா?

தலைமைக்கு அந்தத் திட்டம் வந்துசேர்ந்தால்தானே. பெரிய கம்பெனியில் எது முதலீடாகும் என்பதை நடுமட்ட மேலாளர்கள்தான் முதலில் வடிகட்டுகிறார்கள். விற்பனையாளருக்கு விற்ற தொகையில் இவ்வளவு சதவீதம் என்று கமிஷன் இருக்கும், அவர் மலிவான சரக்கைத் தூக்கிக்கொண்டு போக மாட்டார். வாடிக்கையாளர் சந்திப்பில் கார் கம்பெனிப் பொறியாளர் ‘இன்னும் மெல்லிய, இன்னும் வலிமையான தகடு வேண்டும்’ என்பார். ‘எனக்குக் கீறல் விழுந்த மலிவுத் தகடு கொண்டு வாருங்கள்’ என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்பது நல்ல பழக்கம், அதுதான் இங்கே கையைக் கட்டுகிறது. தோற்றுப்போகும் திட்டத்துக்குத் தன் பெயரைக் கொடுக்க எந்த மேலாளரும் விரும்ப மாட்டார், ஆகவே அது மேலிடத்துக்கு வரும் பட்டியலிலேயே இருக்காது.

தனிப் பிரிவு ஒன்று ஆரம்பித்துவிட்டால் போதும் என்கிறார்களே?

பெயர்ப்பலகை தனியாக இருந்தால் போதாது, செலவுக் கட்டமைப்பு தனியாக இருக்க வேண்டும். இதற்கு எஃகை விட்டு ஒரு நிமிடம் வெளியே வருகிறேன், நம் வீட்டுக் குளியலறையிலேயே உதாரணம் இருக்கிறது. 1969இல் கர்சன்பாய் படேல் அகமதாபாத்தில் நிர்மா சோப்புத்தூளைக் கிலோ மூன்று ரூபாய் சொச்சத்துக்கு சைக்கிளில் கொண்டுபோய் விற்க ஆரம்பித்தார். அப்போது சர்ஃப் விலை அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. நிர்மா கை தோலுக்குக் கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்தது, ஆனால் பார் சோப்பு போட்டுத் துவைத்துக்கொண்டிருந்த வீடுகளுக்கு அது பெரிய முன்னேற்றம். இந்துஸ்தான் லீவர் நெடுநாள் ‘அது நம் வாடிக்கையாளர் இல்லை’ என்று இருந்தது, 1980களில் நிர்மா விற்பனை அளவில் முந்திப் போய்விட்டது.

அப்புறம் லீவர் செய்ததுதான் கவனிக்க வேண்டியது. சர்ஃபின் விலையைக் குறைக்கவில்லை. 1980களின் பின்பாதியில் வீல் என்று வேறு பொருளையே கொண்டுவந்தது. வேறு கலவை, பல இடங்களில் வெளியாட்கள் மூலம் குறைந்த செலவில் உற்பத்தி, சின்னக் கடைகளுக்கான விநியோகம், குறைந்த லாப விகிதத்திலும் ஓடக்கூடிய கணக்கு. வீல் நின்றது, பின்னால் நிர்மாவையும் பின்னுக்குத் தள்ளியது. சர்ஃப் பிரிவுக்குள்ளேயே வைத்து, சர்ஃபின் லாப விகிதத்தைக் கேட்டிருந்தால், முதல் வருஷப் பட்ஜெட் கூட்டத்திலேயே அதை வெட்டியிருப்பார்கள்.

ஆக, தனிப் பிரிவு அமைக்கும்போது கேட்க வேண்டியது: இவர்களுக்குச் சிறிய ஆர்டர் பெரிய சந்தோஷமா? தாய்க் கம்பெனியின் மேல்செலவு இவர்கள் தலையில் விழுகிறதா? தாய்க் கம்பெனியின் வாடிக்கையாளரைப் பறிக்க இவர்களுக்கு அனுமதி இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு ‘அது பற்றிப் பேசிக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால், அனுமதி இல்லை என்று அர்த்தம்.

எங்கள் துறையிலும் ஒரு மலிவுக் கம்பெனி வந்திருக்கிறது. இது நிஜமான ஆபத்தா, சும்மா சத்தமா, எப்படித் தெரிந்துகொள்வது?

மலிவாக இருப்பது மட்டும் ஆபத்து அல்ல. அவர்கள் தரத்தை ஏற்றும்போது செலவும் உங்களுடைய அளவுக்கு ஏறிவிடுகிறதா என்று பாருங்கள். ஏறினால் அவர் வெறும் மலிவு வியாபாரி, நடுவிலேயே நின்றுவிடுவார். மினி மில்கள் கம்பியிலிருந்து பீமுக்கு, பீமிலிருந்து தகட்டுக்குப் போனபோதும் ஊதுலை கட்ட வேண்டியிருக்கவில்லை, செலவு அனுகூலம் கூடவே வந்தது. மேலே தூக்கிக்கொண்டு போகக்கூடிய அனுகூலம் இருக்கிறதா என்பதுதான் முதல் சோதனை.

அடுத்தது உங்கள் சொந்த அறிக்கைகள். விற்பனைக் குழு ‘நல்ல வேளை, அந்தப் பார்ட்டி போய்விட்டது, தொல்லை பிடித்த ஆள்’ என்று சொல்வது எத்தனை முறை வருகிறது? டன் அல்லது எண்ணிக்கை குறைந்து, லாப விகிதம் மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறதா? ‘நாங்கள் உயர்தரப் பிரிவில் கவனம் செலுத்துகிறோம்’ என்ற வாக்கியம் மூன்று வருஷமாக ஆண்டறிக்கையில் இருக்கிறதா? இவை மூன்றும் சேர்ந்து தெரிந்தால், போட்டியாளரைப் பற்றிய ஆய்வுக்கு ஆலோசகரை அழைப்பதற்கு முன்பே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இதைத் தொழில்நுட்ப ஆட்களிடமும் கேளுங்கள், ஆனால் சரியான கேள்வியாக. ‘அவர்கள் தரம் நம் தரத்துக்கு வருமா’ என்று கேட்டால் வராது என்பார்கள். ‘நம் வாடிக்கையாளரில் பாதிப் பேருக்கு நிஜமாகத் தேவைப்படும் தரத்துக்கு எப்போது வரும்’ என்று கேட்டால் வேறு பதில் வரும்.

அப்போ படிப்படியான புதுமை வீண் வேலையா?

யார் சொன்னது? நியூகோர் மேலே ஏறியதே படிப்படியான புதுமையால்தான். உலையில் ஒரு வார்ப்புக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தது, ஸ்கிராப்பை ரகம் பிரித்தது, செம்பின் விகிதம் குறைய ஊதுலை இரும்பையும் தாதுவிலிருந்து நேரே எடுத்த ஸ்பாஞ்ச் இரும்பையும் கலந்தது, மெல்லிய பாளத்தின் மேற்பரப்பைச் சீராக்கியது, எல்லாமே நூற்றுக்கணக்கான சின்னத் திருத்தங்கள். வெளியிலிருந்து பார்த்தால் புரட்சி, ஆலைக்குள் நின்று பார்த்தால் தினசரி வேலை. வித்தியாசம், அந்தத் திருத்தங்கள் எந்தச் செலவுக் கட்டமைப்பின் மேல் நடக்கின்றன என்பதில்தான்.

எஃகு ஆலைகள் வீழ்ந்ததற்கு இது ஒன்றுதான் காரணமா?

இல்லை, அப்படிச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் இறக்குமதி, தொழிற்சங்க ஒப்பந்தங்கள், வேலை செய்பவர்களைவிடப் பல மடங்கு இருந்த ஓய்வூதியர்களின் சுமை, எல்லாம் சேர்ந்துதான் பெத்லஹேம் ஸ்டீலை 2001 அக்டோபரில் திவால் மனுவில் கொண்டுபோய் நிறுத்தின. மினி மில்கள் பெரும்பாலும் சங்கம் இல்லாத சிற்றூர்களில், உற்பத்திக்கேற்ற போனஸ் முறையில் நடந்தன, அதுவும் அந்த 20 சதவீதத்தில் சேர்த்தி. காயலான் சரக்கு நிறையக் கிடைக்கிற, மின்சாரம் மலிவான நாடு என்பதும் ஒரு காரணம். ஸ்கிராப் குறைவாக உள்ள நாடுகளில் ஊதுலைகள் இன்னும் அசையாமல் நிற்கின்றன. கார்களின் வெளிப்புறத் தகடு அமெரிக்காவிலும் நெடுங்காலம் ஊதுலை ஆலைகள் கையில்தான் இருந்தது.

யுஎஸ் ஸ்டீல் 1982இல் சுமார் 600 கோடி டாலருக்கு மாரத்தான் என்ற எண்ணெய் கம்பெனியை வாங்கியது. எஃகில் போடுவதைவிட எண்ணெயில் போடுவது மேல் என்று அன்றைய நிர்வாகம் நினைத்தது, பங்குதாரர் கோணத்தில் அதற்கும் வாதம் உண்டு. பெத்லஹேம் மறைந்தது, யுஎஸ் ஸ்டீல் பிழைத்தது. ஆனால் அமெரிக்காவின் மிகப் பெரிய எஃகு உற்பத்தியாளர் என்ற இடத்தில் இன்று இருப்பது நியூகோர், அந்நாட்டு எஃகில் சுமார் 70 சதவீதம் மின்வில் உலைகளிலிருந்து வருகிறது. யுஎஸ் ஸ்டீலும் கடைசியில் மினி மில்லுக்கு வந்தது. ஆர்கன்சாஸ் மாநிலத்தின் பிக் ரிவர் ஸ்டீலில் 2019இல் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கையும், 2021 தொடக்கத்தில் மீதியையும் வாங்கியது. தானே கட்டாமல் ஓடிக்கொண்டிருந்த ஆலையை வாங்கியதுகூட ஒரு செல்லுபடியாகும் வழிதான், விலைதான் அதிகம்.